பக்கக் கூலியும் 99.95 விழுக்காடும்: பழைய நூல்களைத் தட்டச்சு செய்த அனுபவம்

பழைய தமிழ் நூல்களின் வருடிய படங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்வதும் மெய்ப்புப் பார்ப்பதுமான இந்தப் பணியைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசப்படும் கூலி நியாயமானதா என்பது, தொகையைவிட, பிழையை எப்படி எண்ணுகிறார்கள் என்பதையே பொறுத்திருக்கிறது.

ஒரு தொகுதியின் கதையைச் சொல்கிறேன். நாற்பது பக்கங்கள் ஒப்படைத்தேன். பரிசோதகர் மாதிரிக்கு நான்கு பக்கங்களை எடுத்தார். பக்கத்துக்கு ஏறத்தாழ 2,000 எழுத்துகள் வீதம் மொத்தம் 8,000. கேட்கப்பட்ட துல்லியம் 99.95 விழுக்காடு என்பதால் நான்கு பிழைகள் வரை ஏற்கப்படும். அவர் குறித்தவை ஏழு. அவற்றில் நான்கு, ‘கௌரவம்’ என்ற ஒரே சொல் நான்கு இடங்களில் ‘கெளரவம்’ என்று இருந்தது. மீண்டும் வரும் பிழையை ஒன்றாக எண்ணினால் நான்குதான், தொகுதி தேறும். தனித்தனியே எண்ணினால் 99.91 விழுக்காடு, நாற்பது பக்கங்களும் திரும்பும். எண்ணும் முறை ஒப்பந்தத்தில் இல்லாததால் தொகுதி திரும்பியது. மறுபார்வைக்குத் தனிக் கூலியும் கிடையாது.

அந்தப் பிழை கண்ணுக்கு எளிதில் அகப்படாது. ‘ௌ’ என்பது ஒரே குறியீடு. ஒற்றைக் கொம்பும் ‘ள’கரமும் சேர்ந்தால் திரையில் ஏறக்குறைய அதே வடிவம் வந்துவிடுகிறது. தேடி ஒட்டுமொத்தமாக மாற்றலாம் என்றால் ‘தெளிவு’, ‘வெள்ளம்’ போன்ற சொற்களெல்லாம் சிதைந்துபோகும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதே பாதுகாப்பு. படத்திலிருந்து எழுத்தைத் தானே படிக்கும் எழுத்துணரி மென்பொருள் தந்த வரைவைத் திருத்தும்போது, காலும் ரகரமும் மாறிக் கிடப்பது இதைவிடப் பெரிய தொல்லை என்றாலும், ‘காரணம்’ என்பது ‘காாணம்’ ஆகும்போது இரண்டு கால்கள் அடுத்தடுத்து வருவதால், அந்த இணையைத் தேடினாலே இத்தகையவை சிக்கிவிடும்.

உண்மையில் அதிகம் சறுக்கவைப்பது நம் தமிழறிவுதான். மூலத்தில் வல்லொற்று மிகாமல் அச்சிடப்பட்டிருந்தால் அப்படியே விடவேண்டும். நல்லெண்ணத்தோடு இடும் ஒவ்வொரு ஒற்றும் பிழையாகவே எண்ணப்படும்.

பக்கம் என்ற அலகிலும் கவனம் தேவை. நாவலின் ஒரு பக்கமும், பாட்டுக்குக் கீழே சிற்றெழுத்தில் உரையும் அடிக்குறிப்பும் நெருங்கி நிற்கும் உரைநூலின் ஒரு பக்கமும் ஒரே கூலிக்கு வந்தால், பின்னது இரண்டு மடங்குக்கு மேல் நேரம் தின்னும். ஆகவே, நூலின் நடுவிலிருந்து சில பக்கங்களைக் கேட்டு வாங்கி, எழுத்துகளை எண்ணிப் பார்த்த பிறகே விலை பேசுகிறேன். ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்று பேச ஒப்புக்கொள்பவர்கள் குறைவு. ஆனாலும் உரைநூலுக்கு வேறு விகிதம் என்றால் பெரும்பாலும் மறுப்பதில்லை.