திங்கட்கிழமைக் கூட்டமும் ஒரு சிஆர் கொப்பியும்

கிளிநொச்சியில் எங்களுடையது சின்ன வாழ்வாதாரத் திட்ட அலுவலகம், ஒன்பது பேர். முன்பு திங்கள் காலை ஒன்பதுக்குத் தொடங்கும் கூட்டம் மத்தியானச் சாப்பாடு வரை இழுபடும். துணுக்காயிலிருந்தும் புதுக்குடியிருப்பிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் வருகிறவர்களுக்கு அன்றைய வெளிக்கள வேலை போச்சு. வந்தும் என்ன, ஆளுக்காள் போன கிழமை செய்ததை வாசிப்பார்கள், மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் அந்த வாசிப்பை நிறுத்தினோம். இப்போது வெள்ளி மாலைக்குள் ஐந்து வரி மின்னஞ்சல், கூட்டம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒரு மணித்தியாலம். நிகழ்ச்சி நிரலில் தலைப்புக்குப் பதில் கேள்வி போடுகிறோம். "விதைக் கச்சான்" என்று போட்டால் ஊர்க்கதை முழுக்க வரும். "விதைக் கச்சானை மழைக்கு முன் வாங்குவதா, பின் வாங்குவதா?" என்று போட்டால் விலை விசாரித்துக்கொண்டு வருவார்கள். கேள்வியாக எழுத வராத விஷயம் மின்னஞ்சலுக்குப் போகும்.

உண்மையில் உதவியது கூட்டக் குறிப்பு எழுதும் சிஆர் கொப்பிதான். முதல் வருடம் அதில் நான் எழுதியது, "விதைக் கச்சான் சம்பந்தமாக ஆராயப்பட்டது." யார், எப்போது, எதை? ஒன்றுமில்லை. அடுத்த மூன்று கூட்டத்திலும் அதே வாக்குவாதம். அப்புறம் இப்படி எழுதத் தொடங்கினேன்: "செப்டெம்பர் 20க்குள் கோதுடன் வாங்குவது. காரணம்: மழை தொடங்கினால் விலை ஏறும். கைவிட்ட வழி: உடைத்த பருப்பு, ஏனென்றால் முளைதிறன் கெதியில் குறையும். பொறுப்பு: களஞ்சியப் பொறுப்பாளர்." எழுதியதைக் கூட்டம் கலையமுன் சத்தமாக வாசிப்பேன். பாதித் திருத்தம் அந்த இடத்திலேயே வரும்.

அடுத்த கூட்டத்தில் ஒரு அண்ணை, "பருப்பாய் எடுத்தால் ஏத்தி இறக்கச் சுகமெல்லோ?" என்றார். கைவிட்ட வழியை வாசித்துக் காட்டினேன், "ஓமோம், கதைச்சனாங்கள்தான்" என்று விட்டுவிட்டார். ஆனால் அதே ஆள் பிறகு வியாபாரியின் மாதிரியில் நூறு விதையை ஈரச் சாக்கில் போட்டுப் பார்த்து, அறுபதுதான் முளைத்தது என்று வந்தார். அது புதுத் தகவல், அதனால் முடிவைத் திறந்தோம். வேறு ஆளிடம் வாங்கினோம். பழைய வரியை அழிக்கவில்லை, குறுக்கே கோடு போட்டுத் திகதி வைத்தேன்.

சறுக்கிய இடங்களும் உண்டு. வாட்ஸ்அப்பில் பெருவிரலைக் காட்டினால் வாசித்ததா, சம்மதமா? ஒருமுறை நான் அதைச் சம்மதமாக எடுத்து உரம் இறக்கும் நாளை மாற்றிவிட்டேன். லொறி வந்து நின்றது, இறக்க ஆளில்லை. இப்போது பெருவிரல் என்றால் வாசித்தது மட்டும். சம்மதத்தை எழுத்தில் சொல்ல வேண்டும்.

பயனாளிப் பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்ற பிணக்கை மின்னஞ்சலில் தீர்க்கப்போய், இரண்டு பேர் ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதற்கு மட்டும் நேரில் கூட்டம் வைக்கிறோம், முதலில் வயதில் குறைந்தவரைப் பேச விட்டு. பெரியவர் வாய் திறந்தால் பிறகு எல்லாரும் "சரி ஐயா"தான்.