மறுகூட்டலா, மறுமதிப்பீடா? பிளஸ் 2 மாணவர்கள் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

பிளஸ் 2 முடிவு வெளியானதும், எதிர்பார்த்ததைவிடப் பத்து மதிப்பெண் குறைந்துவிட்டது என்று எந்த வீட்டில் பேச்சு எழுந்தாலும், யாராவது ஒருவர் "மறுகூட்டலுக்குப் போட்டுவிடு" என்பார். சொல்வது எளிது. ஆனால் மறுகூட்டலும் மறுமதிப்பீடும் இரண்டு வேறு வேலைகள். மறுகூட்டலில் யாரும் விடையைத் திரும்பப் படிப்பதில்லை. போட்ட மதிப்பெண்கள் சரியாகக் கூட்டப்பட்டிருக்கின்றனவா என்றுதான் பார்ப்பார்கள். மறுமதிப்பீட்டில்தான் இன்னொரு ஆசிரியர் விடையைப் படித்து மதிப்பெண் போடுகிறார். இரண்டில் எது நமக்குத் தேவை என்பதை விடைத்தாள் நகலைப் பார்க்காமல் தீர்மானிக்க முடியாது. நகல் கேட்பதற்கோ சில நாள் அவகாசம்தான் இருக்கும்.

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்திலும் சி.பி.எஸ்.இ.யிலும் இந்த வழிகள் வெவ்வேறு விதமாக அமைந்துள்ளன. ஒரே தெருவில் இரண்டு பாடத்திட்டப் பிள்ளைகளும் இருப்பதால் ஒருவர் சொன்ன அறிவுரையை மற்றவர் அப்படியே எடுத்துக்கொண்டு ஏமாறுவது நடக்கிறது. கீழே மாநிலப் பாடத்திட்டத்துக்கு 2024 அறிவிப்பையும், சி.பி.எஸ்.இ.க்கு 2025 அறிவிப்பையும் வைத்துப் பேசுகிறேன். தேதியும் கட்டணமும் ஆண்டுதோறும் புதிதாக அறிவிக்கப்படுபவை. சில ஆண்டுகளில் வரிசையும் மாறும். ஆகவே பணம் கட்டும் முன் அந்த ஆண்டின் அறிவிப்பை dge.tn.gov.in அல்லது cbse.gov.in தளத்தில் படித்துவிடுங்கள்.

மாநிலப் பாடத்திட்டம்: முதல் நாளிலேயே பிரியும் பாதை

2024-ல் பிளஸ் 2 முடிவு மே 6 அன்று வந்தது. மறுநாள் காலை 11 மணிக்கே விண்ணப்பம் தொடங்கியது. மே 11 மாலை 5 மணிக்கு முடிந்தது. பள்ளி மாணவர்கள் தாங்கள் படித்த பள்ளியிலும், தனித்தேர்வர்கள் தேர்வெழுதிய மையத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஐந்து நாட்களில் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது: விடைத்தாள் நகல் அல்லது மறுகூட்டல். நகலுக்குக் கட்டணம் பாடத்துக்கு 275 ரூபாய். மறுகூட்டலுக்கு 205 ரூபாய். உயிரியலுக்கு மட்டும் 305. நகல் கேட்ட பாடத்துக்கு அதே வேளையில் மறுகூட்டல் கேட்க முடியாது. நகல் கையில் வந்த பிறகு, அடுத்த கட்டத்தில், மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். மறுமதிப்பீட்டுக்குப் பாடத்துக்கு 505 ரூபாய்.

சிக்கல் இங்கேதான். மறுமதிப்பீடு நகல் வாங்கியவர்களுக்கு மட்டுமே. எழுபது ரூபாய் குறைவு என்று முதலிலேயே மறுகூட்டலைத் தேர்ந்தெடுத்த மாணவருக்கு, "கூட்டலில் பிழை இல்லை" என்று பதில் வந்தால் கதை அத்தோடு முடிந்தது. அதற்குள் நகல் கேட்கும் நாள் கடந்திருக்கும். நகல் இல்லாததால் மறுமதிப்பீட்டுக்கும் போக முடியாது. தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு ஓரிரண்டு குறைந்தவர்கள் இந்த அவசரத்தில் மறுகூட்டலைப் பிடித்துக்கொள்வதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. அவர்களுக்குத்தான் மறுமதிப்பீட்டு வாய்ப்பு எல்லோரையும்விட அதிகம் தேவை.

ஆகவே மாநிலப் பாடத்திட்டத்தில் என் தீர்ப்பு தெளிவானது: முதல் கட்டத்தில் இரண்டும் முன்னால் இருந்தால் நகலைக் கேளுங்கள். பார்க்காமலே மறுகூட்டல் கேட்பது, அந்தத் தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும் பொருந்தும்.

விண்ணப்பித்ததும் தரப்படும் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அதில் உள்ள விண்ணப்ப எண்ணைக் கொண்டுதான் நகலைப் பதிவிறக்க முடியும். முடிவையும் அறிய முடியும். பள்ளி அலுவலகத்தில் சீட்டை வாங்க மறந்துவிட்டுப் பிறகு அலைபவர்கள் உண்டு. வாங்கியவுடன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

சி.பி.எஸ்.இ.: கேள்விக்குக் கேள்வி கட்டணம்

சி.பி.எஸ்.இ. 2024 வரை வேறொரு வரிசையை வைத்திருந்தது. முதலில் மதிப்பெண் சரிபார்ப்பு, அதாவது கூட்டல் பிழையோ திருத்தாமல் விட்ட விடையோ இருக்கிறதா என்று பார்ப்பது. அதைச் செய்தவர்களுக்கு மட்டும் நகல், நகல் வாங்கியவர்களுக்கு மட்டும் மறுமதிப்பீடு. 2024-ல் பன்னிரண்டாம் வகுப்புக்கான சரிபார்ப்பு விண்ணப்பம் மே 17 முதல் 21 வரை. நகல் கேட்க ஜூன் 1, 2. மறுமதிப்பீட்டுக்கு ஜூன் 6, 7. முதல் படியைத் தவறவிட்டவருக்கு மற்ற இரண்டும் இல்லை. பார்க்காமலே சரிபார்ப்புக்குப் பணம் கட்ட வைத்த அந்த முறையை 2025-ல் வாரியமே திருப்பிப் போட்டது. அந்த ஆண்டில் முதலில் நகல், பிறகு சரிபார்ப்போ மறுமதிப்பீடோ இரண்டுமோ. இது மாணவர்களுக்குச் செய்யப்பட்ட நியாயமான காரியம்.

2025-ல் முடிவு மே 13-ல் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் மே 21 முதல் 27 வரை நகலுக்கும், மே 28 முதல் ஜூன் 3 வரை அடுத்த கட்டத்துக்கும் விண்ணப்பிக்க முடிந்தது. எல்லாம் இணையத்தில்தான், பள்ளி வழியாக அல்ல. நகலுக்குப் பாடத்துக்கு 700 ரூபாய், சரிபார்ப்புக்கு 500 ரூபாய், மறுமதிப்பீட்டுக்கு ஒரு கேள்விக்கு 100 ரூபாய். நகல் மாணவரின் கணக்கிலேயே வந்து சேரும். கடைசி நாளில் கேட்டால், நகல் வந்து அதை ஆசிரியரிடம் காட்டிப் பேசுவதற்குள் அடுத்த கட்டமும் முடியும் தறுவாய்க்கு வந்துவிடும். முதல் இரண்டு நாட்களுக்குள் கேட்பதே நல்லது.

ஒரே விடைத்தாள், இரண்டு கணக்கு

இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு இரு பாடத்திட்டங்களிலும் 70 மதிப்பெண். ஒரு மாணவி 51 வாங்கியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நகல் வருகிறது. முதலில் கையெழுத்து தன்னுடையதுதானா, எழுதிய பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கிறாள். அடுத்து ஒவ்வொரு விடைக்கும் போட்டிருக்கும் மதிப்பெண்ணை ஒரு தாளில் எழுதிக் கூட்டுகிறாள். 53 வருகிறது. முகப்பில் 51 என்று இருக்கிறது. இது கூட்டல் பிழை. இதற்கு யாருடைய கருத்தும் தேவையில்லை.

இன்னும் பார்க்கிறாள். கடைசிப் பக்கத்தில் வரிசை மாற்றி எழுதிய இரண்டு மதிப்பெண் விடையில் சரிக்குறியும் இல்லை, தவறுக்குறியும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. ஒரு மூன்று மதிப்பெண் கணக்கில் சூத்திரம் சரி, எண்களைப் பிரதியிட்டது சரி, விடையும் சரி, அலகு மட்டும் எழுதவில்லை, கிடைத்தது ஒன்று. விடைக்குறிப்பில் ஒவ்வொரு படிக்கும் தனி மதிப்பெண் இருப்பதால் குறைந்தது இரண்டு மதிப்பெண் வர வேண்டும். ஆனால் இதே தாளில் ஓர் ஐந்து மதிப்பெண் விடைக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கிறது. படத்தில் பாகங்களைக் குறிக்க அவள் மறந்திருந்தும்.

சி.பி.எஸ்.இ. மாணவியாக இருந்தால் கூட்டல் பிழைக்கும் திருத்தப்படாத விடைக்கும் சரிபார்ப்பு, 500 ரூபாய். மூன்று மதிப்பெண் கணக்குக்கு மட்டும் மறுமதிப்பீடு, 100 ரூபாய். நகலோடு சேர்த்து 1,300. அந்த ஐந்து மதிப்பெண் விடையை அவள் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆகவே அதன் மதிப்பெண்ணை மறுபடி எடைபோடும்படி அவள் கேட்கவில்லை.

மாநிலப் பாடத்திட்ட மாணவியாக இருந்தால் மறுமதிப்பீட்டுக்கு 505, நகலுக்கு 275, மொத்தம் 780. பணம் குறைவு. ஆனால் இங்கே கேள்வியைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. முழு விடைத்தாளும் மீண்டும் திருத்தப்படும். தாராளமாகக் கிடைத்த அந்த ஐந்தும் புதிய ஆசிரியரின் கண்ணில் படும். அது நான்காகலாம். கூட்டல் பிழை மட்டுமே இருந்திருந்தால் மறுமதிப்பீட்டைத் தொடாமல், நகலுக்குப் பின் மறுகூட்டலோடு நின்றுவிடுவதே புத்திசாலித்தனம்: 275 கூட்டல் 205, ஆக 480.

இரண்டு இடங்களிலும் மதிப்பெண் குறையக்கூடும் என்பதைப் பெற்றோர்கள் நம்ப மறுக்கிறார்கள். சி.பி.எஸ்.இ. விதி, ஒரு மதிப்பெண் குறைந்தாலும் அது நடைமுறைக்கு வரும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. எனவே "கேட்டுத்தான் பார்ப்போமே" என்ற எண்ணத்தில் போகாதீர்கள். நகலையும் விடைக்குறிப்பையும் அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர் முன் வைத்து, எந்த விடையில் எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் விடுபட்டது என்று பென்சிலால் குறியுங்கள். கூடக்கூடியது ஒரு பத்தியிலும், குறையக்கூடியது எதிரிலும். கட்டுரை விடைகளில் "இன்னும் ஒன்று போட்டிருக்கலாம்" என்று தோன்றுவதைக் கூடும் பத்தியில் சேர்க்காதீர்கள்; அது மதிப்பிடுபவரின் தீர்மானத்துக்குள் அடங்கிவிடும்.

எந்தப் பாடத்துக்குச் செலவழிப்பது என்பதும் சேர்க்கையைப் பொறுத்தது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது; கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணிதத்தில் ஒரு மதிப்பெண் கூடினால் கட்-ஆஃப் ஒன்று உயரும்; இயற்பியலில் கூடினால் அரைதான். மருத்துவம் ஒன்றையே குறிவைத்து, நீட் தகுதிக்கான பிளஸ் 2 சதவீதத்தை ஏற்கெனவே தாண்டிவிட்டவருக்கு உயிரியலில் இரண்டு மதிப்பெண் கூடுவதால் இடம் நகராது. மொழிப்பாடமும் பொறியியல் கட்-ஆஃபில் வராது. ஆனால் தேர்ச்சி பெறாத பாடம் எதுவாக இருந்தாலும், நகலுக்கான முதல் பணம் அதற்குத்தான் போக வேண்டும்.

இதற்கிடையில் கல்லூரி விண்ணப்பத்தை நிறுத்தி வைக்க வேண்டாம். கையில் உள்ள மதிப்பெண்ணை வைத்தே பதிவு செய்துவிடுங்கள். துணைத்தேர்வு எழுத வேண்டியவர்களும் மறுமதிப்பீட்டு முடிவு வரட்டும் என்று காத்திருந்து அதன் விண்ணப்பத் தேதியைக் கோட்டை விடக்கூடாது.

மாநிலப் பாடத்திட்டத்தில் மறுமதிப்பீட்டு முடிவு தனித்தனிக் கடிதமாக வராது. மதிப்பெண் மாறியவர்களின் பதிவெண்கள் மட்டும் தேர்வுத் துறையின் தளத்தில் பட்டியலாக வரும். பட்டியலில் எண் இல்லையென்றால் மாற்றம் இல்லை என்று பொருள். எண் இருந்தால் திருத்தப்பட்ட மதிப்பெண் பட்டியலைத் தளத்தில் பதிவிறக்கிக்கொள்ளலாம். சி.பி.எஸ்.இ.யில் முடிவை மாணவரின் கணக்கில் பார்க்கலாம். மதிப்பெண் மாறியிருந்தால் பழைய சான்றிதழை ஒப்படைத்துவிட்டுப் புதியதைப் பெற வேண்டும். ஒப்படைக்கும் முன் அதை ஒரு பிரதி எடுத்து, எந்தெந்தக் கல்லூரிக்குப் பழைய மதிப்பெண்ணை அனுப்பியிருக்கிறீர்களோ அங்கெல்லாம் புதிய சான்றிதழை அன்றே சேர்த்துவிடுங்கள்.