பேஸ்மேக்கரும் ஸ்மார்ட் வாட்சும்: 60-க்குக் கீழே இறங்காத கோடு

பேஸ்மேக்கர் வைத்த பிறகு சில வருடங்களாக ஸ்மார்ட் வாட்ச் கட்டிவருகிறேன். இரவு நேரத் துடிப்பு வரைபடத்தைத் திறந்தால், தூக்கத்தில் இறங்க வேண்டிய கோடு 60-க்கு வந்ததும் நின்று, விடியும்வரை சமதரையாகவே போகிறது. வாட்சில் கோளாறு எதுவும் இல்லை. அந்த 60 என் கருவியில் டாக்டர் வைத்திருக்கும் கீழ் வரம்பு.

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் பேஸ்மேக்கர் நேரத்தை எண்ணத் தொடங்குகிறது. நிமிடத்துக்கு 60 என்றால் அது காத்திருப்பது ஒரு நொடி. அதற்குள் இதயம் தானாகத் துடித்துவிட்டால் கருவி ஒன்றும் செய்யாது, எண்ணிக்கையை மட்டும் முதலிலிருந்து தொடங்கும். துடிக்கவில்லை என்றால் சிறு மின்தூண்டலை அனுப்பித் துடிக்க வைக்கும். அதனால் இடைவெளி ஒரு நொடிக்கு மேல் நீளாது. மேலே ஏறுவதற்கு இந்த வரம்பு தடையில்லை. நடந்தால் 90, 100 என்று போகிறது. ஆனால் உடற்தகுதிக்கு அடையாளமாக வாட்ச் காட்டும் ஓய்வுநேரத் துடிப்பை நான் பொருட்படுத்துவதில்லை. அது டாக்டர் வைத்த எண்.

எல்லோருக்கும் வரம்பு 60 அல்ல. சிலருக்கு இரவில் மட்டும் 50-க்கு இறங்கும்படி அமைத்திருப்பார்கள். தானாக வரும் துடிப்புக்குப் பிறகு கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்கும் அமைப்பும் உண்டு. உங்கள் எண் என்ன என்று பரிசோதனைக்குப் போகும்போது கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியிருந்தும் ஒருநாள் வாட்ச் 38 காட்டியது. காரணம் முன்கூட்டியே வரும் துடிப்பு. வழக்கமான துடிப்புக்கு 0.6 நொடி கழித்து அப்படி ஒன்று வந்தது என்று வையுங்கள். இதயம் நிரம்புவதற்குள் சுருங்குவதால் மணிக்கட்டுவரை வரும் ரத்த அலை மிகவும் பலவீனமாக இருக்கும். பச்சை ஒளியால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் வாட்சுக்கு அது தெரியாது. பேஸ்மேக்கரோ மின்சைகையைக் கவனிக்கிறது. அதையும் ஒரு துடிப்பாக எண்ணி, அங்கிருந்து இன்னொரு நொடி காத்திருக்கும். ஆக, வாட்சின் பார்வையில் இரண்டு துடிப்புக்கு நடுவே 1.6 நொடி. இப்படியே மாறி மாறி வந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 38 என்று காட்டும். கருவி தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கும்.

ஆனால் தூண்டல் போயும் இதயம் சுருங்காத பழுதிலும் எண் இப்படித்தான் குறையும். வாட்சின் எண்ணை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. இசிஜியும் பேஸ்மேக்கர் பரிசோதனையும்தான் சொல்லும். முன்கூட்டிய துடிப்புகள் எத்தனை வந்தன என்பதைப் பல கருவிகள் பதிந்தே வைத்திருக்கின்றன. எனக்கு அந்தப் பதிவில்தான் விடை கிடைத்தது.

இப்போது குறைந்த துடிப்பு எச்சரிக்கையை 50-இல் வைத்திருக்கிறேன். ஒலித்தால் வாட்ச் பட்டையை இறுக்கிவிட்டு, ஒரு முழு நிமிடம் விரலால் நாடியை எண்ணுவேன். நாடியும் குறைவாகவே இருந்தால் அன்றே டாக்டருக்குப் போன். தலைசுற்றலோ மயக்கமோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் நேராக அவசரச் சிகிச்சைக்குப் போய்விட வேண்டும்.