செலவுக் குறிப்பேடு: கையோடு எழுதுவதா, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதுவதா?

செலவோடு அப்போதைய மனநிலையையும் எழுதிவைக்க இரண்டு வழிகள் உண்டு. பணம் கொடுத்த கையோடு சட்டைப்பை நோட்டில் எழுதுவது ஒன்று. ஞாயிறு காலை யுபிஐ பட்டியலைத் திறந்து, வரிக்கு வரி நினைவுபடுத்தி எழுதுவது மற்றொன்று. இரவுச் சாப்பாட்டை ஆர்டர் செய்யும் பழக்கத்தை வைத்து, ஆறு வாரம் இரண்டையும் செய்துபார்த்தேன்.

யுபிஐ வழியாகக் கொடுத்த ஒரு ரூபாயையும் பட்டியல் விடாது. அதில் 14 ஆர்டர்கள் இருந்தன. ஆனால் காரணத்தை நான் நினைவிலிருந்துதான் எழுத வேண்டியிருந்தது. 10 இடங்களில் 'சமைக்க நேரமில்லை' என்று எழுதியிருந்தேன். நாலு நாள் கழிந்ததும் மனம் நியாயமான காரணத்தைத் தேடிக்கொள்கிறது. அதே நாட்களின் நோட்டில் 'எரிச்சல்' என்று 7 முறை இருந்தது, 'பசி' 3 முறைதான். மனநிலையை அறிய நோட்டையே நம்புவேன்.

நோட்டுக்கும் குறை உண்டு. அதில் இருந்தவை 11 ஆர்டர்களே. விடுபட்ட மூன்றும் 580, 640, 720 ரூபாய் என்று இருப்பதிலேயே பெரியவை. மறதி என்றால் சின்னத் தொகைகளும் விடுபட்டிருக்க வேண்டுமே! எழுதக் கூசிய செலவுகள் அவை. பட்டியலோடு ஒப்பிடாமல் இருந்திருந்தால் இது தெரிந்திருக்காது. ஆகவே எழுதுவதற்கு நோட்டு, வாரம் ஒருமுறை சரிபார்க்கப் பட்டியல் என்று வைத்துக்கொண்டேன்.

நோட்டில் எழுதும் சொற்கள் குறைவாக இருக்கட்டும். முதலில் நான் 'சலிப்பு', 'வெறுமை', 'மனச்சோர்வு' என்று நாளுக்கொரு சொல் எழுதி, எதையும் எண்ணிப்பார்க்க முடியாமல் தவித்தேன். ஐந்தாறு சொற்களுக்குள் அடக்கிய பிறகே எண்ண முடிந்தது. எழுதத் தொடங்கிய முதல் சில வாரம் செலவு தானாகவே குறையலாம், எழுத வேண்டுமே என்ற தயக்கம்தான் காரணம். அந்தக் கணக்கை வழக்கமான செலவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு வழிகளுக்கும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு: வாங்காத நாட்கள் பதிவாவதில்லை. எரிச்சலில் 7 ஆர்டர் என்றால், எரிச்சலாக இருந்தும் ஆர்டர் செய்யாத மாலைகள் எத்தனை? அது தெரியாமல் எரிச்சல்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அடுத்த நாலு வாரம் தினமும் மாலையில், செலவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு சொல் எழுதினேன். 28 மாலைகளில் எரிச்சலானவை 12, அவற்றில் ஆர்டர் 5. மற்ற 16 மாலைகளில் ஒன்றே ஒன்று. நாலு வாரக் கணக்கு சிறியதுதான், ஆனாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது.

எரிச்சலாக இருந்தும் ஆர்டர் செய்யாத 7 மாலைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அவற்றில் 6 நாள் வீட்டில் தோசை மாவு இருந்திருக்கிறது. இப்போது நோட்டில் 'மாவு உண்டா' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்.