பத்து நிமிடப் பேச்சில் எது முதலில்: உப்பா, மாத்திரையா?

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ரத்த அழுத்தம் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒன்றரைப் பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார். 140/90-க்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம், ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு, அம்லோடிபின் 5 மில்லிகிராம், போதாவிட்டால் டெல்மிசார்டான் 40 சேர்க்க, மாதம் ஒருமுறை அளவு பார்க்க. எல்லாம் சரியான தகவல். ஆனால் அப்படியே வாசித்தால் மண்டபத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

அதனால் அந்தக் குறிப்பிலிருந்து இரண்டு வரைவு எழுதிப் பார்த்தேன். ஒன்று உப்பில் தொடங்கியது, மற்றொன்று மாத்திரையில்.

உப்பு வரைவு எழுதச் சுலபமாக இருந்தது. உப்பு எல்லார் வீட்டிலும் இருக்கிறது, காசு செலவில்லை, யாருக்கும் பயமுமில்லை. 5 கிராம் என்று சொன்னால் யாருக்கும் பிடிபடாது. தலைதட்டிய ஒரு டீஸ்பூன் என்றால் ஓரளவு புரியும். ஆனால் நம் வீடுகளில் யார் ஸ்பூனில் அளந்து போடுகிறார்கள்? கைதான் அளவு. எனவே கணக்கைப் பாக்கெட்டுக்கு மாற்றினேன். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு 30 நாளில் தீர்ந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 8 கிராம். 5 கிராம் கணக்குக்கு வர, அதே பாக்கெட் 50 நாள் ஓட வேண்டும். கடையில் வாங்கும் ஊறுகாய், அப்பளம், மிக்சர், கருவாடு இவற்றில் இருக்கும் உப்பு இந்தக் கணக்கில் வராது. ஆகவே 50 நாளைத் தாண்டியும் ஓடினால்தான் நல்லது. பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன் மேலேயே பேனாவால் தேதி எழுதி வைத்தால் போதும்.

மாத்திரை வரைவு அவ்வளவு இனிமையாக இல்லை. மாத்திரை என்றாலே “ஒருதடவ ஆரம்பிச்சா விடவே முடியாதாமே” என்ற பேச்சு வரும். அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனாலும் நான் மாத்திரையைத்தான் முன்னால் வைத்தேன். அதற்குக் காரணம் எங்கள் தெருவில் 58 வயதுள்ள ஒரு அம்மா.

முதல் தடவை பார்த்தபோது அவருக்கு 168/104. அம்லோடிபின் 5 கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து 148/92. டெல்மிசார்டான் 40 சேர்த்தார்கள். அடுத்த மாதம் 132/82. “நார்மல் ஆயிருச்சும்மா” என்று நர்ஸ் சொன்னதும் அந்த அம்மாவுக்கு நோய் குணமாகிவிட்டது என்றே பட்டது. மகள் பிரசவத்துக்குப் போனவர் ஒன்றரை மாதம் மாத்திரையைத் தொடவில்லை. திரும்பி வந்தபோது 164/100. “ஆனா எனக்கு ஒண்ணும் பண்ணலியே கண்ணு” என்றார். உண்மைதான், அவருக்குத் தலை வலிக்கவில்லை, கிறுகிறுப்பும் இல்லை.

அந்த அம்மாவின் இடத்தில் இரண்டு வழிகளையும் வைத்துப் பாருங்கள். உப்பை 9, 10 கிராமிலிருந்து 5-க்குக் கொண்டுவந்தால், அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக 5 புள்ளி அளவு இறங்கும். வழக்கமான அளவில் ஒரு மாத்திரை அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இறக்கும், ஆரம்ப அளவு அதிகமாக இருந்தால் இன்னும் கூடவே. 168-இலிருந்து 140-க்குக் கீழே வர உப்பு மட்டும் போதாது. 144-இல் இருப்பவருக்கு உப்பும் நடையும் பெரிய உதவி. 168-இல் இருப்பவரிடம் உப்பை மட்டும் பேசினால், “உப்பக் கொறச்சிட்டேன், மாத்திரை எதுக்கு” என்று சொல்ல நாமே வழி செய்து கொடுத்தது போலாகிவிடும். எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

அடுத்து, உவமை. குறிப்பில் ‘அறிகுறியற்ற நோய்’ என்று இருந்தது. முதலில் அதை ‘சத்தமில்லாமல் கொல்லும் நோய்’ என்று எழுதினேன். வாசித்துக் காட்டியபோது பயந்தார்கள், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் புரியவில்லை. அதை அடித்துவிட்டு மோட்டார் பைப்பை எடுத்துக்கொண்டேன். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும்போது டியூப் வாயை விரலால் பாதி அடைத்தால் டியூப் விறைக்கும், பழைய டியூப் என்றால் ஒட்டுப் போட்ட இடத்தில் பிய்த்துக்கொள்ளும். நம் ரத்தக் குழாயும் அப்படித்தான். அது மூளையில் வெடித்தாலோ அடைத்தாலோ பக்கவாதம். உப்பு அதிகமானால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டியூபில் தண்ணீர் கூடுகிறது. அம்லோடிபின் குழாயின் சுவரைத் தளர்த்தும். அடைத்த விரலை எடுத்த மாதிரி. ஒரே உவமையில் உப்பும் அடங்கியது, மாத்திரையும் அடங்கியது. மாத்திரையை விட்டால் விரல் திரும்ப வந்துவிடும் என்று நான் சொல்வதற்குள் முன்வரிசையில் ஒரு அக்காவே சொல்லிவிட்டார்.

மாத்திரையை நிறுத்துகிறவர்கள் ஏன் ஏமாறுகிறார்கள் என்பதையும் அங்கேயே சொன்னேன். அம்லோடிபின் உடம்பில் மெதுவாகத்தான் கரையும். நிறுத்திய மறுநாள் அளவு பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரு வாரம், பத்து நாளில் மெல்ல ஏறிவிடும். முதல் நாலு நாள் ஒன்றும் ஆகாததைப் பார்த்து ‘மாத்திரை தேவையில்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்கவில்லை. அம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் வீங்கிய அன்றே மாத்திரை குப்பைக்குப் போகும். “வீங்கினா நீங்களா நிறுத்தாதீங்க, வந்து சொல்லுங்க, டாக்டர் அளவக் கொறைப்பாரு, இல்ல வேற மாத்திரை மாத்திக் கொடுப்பாரு” என்று இரண்டு தடவை சொன்னேன்.

வாய் குழறினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் போனாலோ வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

கடைசி மூன்று நிமிடம் உப்புக்கு. எதிர்பார்த்த கேள்வியே வந்தது: “இந்துப்பு போட்டா பிபி ஏறாதாமே?” இந்துப்பிலும் பெரும்பங்கு அதே சோடியம் குளோரைடுதான், கல் உப்பும் அப்படியே. இந்துப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதும் கிடையாது. கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று வருவது வேறு. அதில் ஒரு பங்கு பொட்டாசியம் உப்பு. சீனக் கிராமங்களில் நடந்து 2021-இல் வெளியான பெரிய ஆய்வில் அப்படிப்பட்ட உப்பு பக்கவாதத்தைக் குறைத்திருக்கிறது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பையே குலைக்கும். டெல்மிசார்டான் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பலரும் சோதித்தே பார்த்திராத ஊரில், அந்த உப்பை மேடையில் நின்று சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை. வழக்கமான உப்பையே குறைத்துப் போடுங்கள் என்றேன்.

கூட்டம் முடிந்த மறுவாரம் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். அடுப்பு மேடையில் உப்புப் பாக்கெட், அதன் மேல் பேரன் கையெழுத்தில் தேதி. பக்கத்தில் ஆணியில் தொங்கிய காலண்டரில், மாத்திரை போட்ட நாளுக்கெல்லாம் ஒரு கோடு. நடுவில் ஒரு நாள் மட்டும் கோடு இல்லை. “அன்னிக்கு மறந்துட்டேன் கண்ணு, மறுநாள் ரெண்டாப் போட்டுக்கலாமா?” என்று கேட்டார். வேண்டாம், விட்டது விட்டதுதான், அடுத்த வேளைக்கு வழக்கம் போல ஒன்றே போடுங்கள் என்றேன். என் பேச்சில் அந்த வரி இல்லை. அடுத்த ஊர்க் கூட்டத்துக்கு முன் குறிப்பில் எழுதிச் சேர்த்துக்கொண்டேன்.