ஆசிரியர் ரெஸ்யூமேயை எப்படி மாற்றி எழுதுவது? மூன்று வடிவங்கள், ஓர் அலசல்

கோவையில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் 11 ஆண்டுகளாகக் கணக்கு எடுக்கும் ஆசிரியை ஒருவர், ஒரு வங்கியின் பயிற்சிப் பிரிவுக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிளைகளில் புதிதாகச் சேர்பவர்களுக்கு வகுப்பு எடுக்கும் வேலை. ரெஸ்யூமேயை அவர் மூன்று விதமாக எழுதலாம்.

முதலாவது, எல்லோரும் எழுதும் காலவரிசை வடிவம். பள்ளியின் பெயர், பதவி, ஆண்டு, அதன் கீழே "9, 10ஆம் வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்தேன், விடைத்தாள் திருத்தினேன், தேர்ச்சி 100 சதவீதம்." இதில் பொய்யோ மறைப்போ இல்லை. ஆனால் படிப்பவருக்கு இது பள்ளி வேலைக்கான விண்ணப்பமாகத்தான் தெரியும். தேர்ச்சி சதவீதமும் அங்கே எடுபடாது. பாதிப் பிள்ளைகள் டியூஷன் போகிறார்கள் என்பது ஹெச்ஆருக்கும் தெரியும்.

இதற்கு மாற்றாகப் பலரும் பரிந்துரைப்பது திறன்வாரி வடிவம். தகவல் தொடர்பு, தலைமைப் பண்பு, நேர மேலாண்மை என்று தலைப்புகள் போட்டு முதல் பக்கத்தை நிரப்பிவிட்டு, வேலை பார்த்த இடத்தைக் கடைசியில் ஒரே வரியில் சொல்வது. மூன்றில் எனக்குப் பிடிக்காதது இதுதான். எந்தத் திறனை எங்கே, எப்போது காட்டினார் என்பது இதில் தெரியாது. எதையோ மறைக்கிறார் என்ற எண்ணம்தான் வரும். விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள்கள் பதவி, நிறுவனம், தேதி ஆகியவற்றைச் சேர்த்தே தேடுவதால், அங்கேயும் இது தடுமாறலாம். நேர்காணல் வரை போய், முதல் கேள்வியே "இதையெல்லாம் எங்கே செய்தீர்கள்?" என்று வந்தால் கோளாறு இந்த வடிவத்தில்தான்.

மூன்றாவது, கலப்பு வடிவம். மேலே நான்கு வரிச் சுருக்கம், அதன் கீழே காலவரிசை அப்படியே இருக்கும். மாறுவது ஒவ்வொரு பதவியின் கீழும் வரும் வரிகளும் அவற்றின் வரிசையும்தான். என் வாக்கு இதற்கே. ஆனால் வரிகளை மாற்றுவது என்றால் 'மாணவர்' இருந்த இடத்தில் 'கற்பவர்' என்றும், 'பெற்றோர் கூட்டம்' இருந்த இடத்தில் 'ஸ்டேக்ஹோல்டர் மேனேஜ்மென்ட்' என்றும் போடுவதல்ல. அந்தப் பூச்சை யாரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எதை முன்னால் வைப்பது என்று முடிவு செய்ய, பயிற்சித் துறையில் புழங்கும் கிர்க்பாட்ரிக் அளவுகோல் உதவும். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் எழுதியது. பயிற்சியின் பலனை நான்கு படிகளில் அளக்கிறது: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. தேர்வு மதிப்பெண் இரண்டாம் படியோடு நின்றுவிடுகிறது. வங்கி பணம் கொடுப்பதோ மூன்றாம், நான்காம் படிகளுக்கு.

நம் ஆசிரியையிடம் மூன்றாம் படிக்குச் சான்று இருக்கிறதா? பெரும்பாலும் இருக்கும். அவர் அதைப் பெரிதாக நினைத்திருக்க மாட்டார், அவ்வளவுதான். சிபிஎஸ்இ பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி உண்டு. அதில் ஒரு பகுதியைப் பள்ளிக்குள்ளேயே நடத்தலாம். அப்படி ஒன்றை நடத்தியிருந்தால், அல்லது 2020இல் பள்ளி மூடியபோது சக ஆசிரியர்களுக்கு ஆன்லைன் வகுப்பு எடுக்கக் கற்றுத்தந்திருந்தால், அதுதான் முதல் வரி. பழைய ரெஸ்யூமேயில் "ஆன்லைன் வகுப்புகளுக்கு உதவினேன்" என்று இருக்கும். புதியதில் இப்படி வரலாம்: "18 ஆசிரியர்களுக்கு கூகுள் கிளாஸ்ரூம் பயிற்சி வடிவமைத்து நடத்தினேன், இரண்டு வாரத்தில் 15 பேர் உதவியின்றி வகுப்பு நடத்தத் தொடங்கினர்." கற்றவர்கள் பெரியவர்கள், மாறியது அவர்கள் வேலை செய்யும் விதம். எண்கள் நடந்தவையாக இருக்க வேண்டும். நேர்காணலில் மீதி மூன்று பேர் ஏன் தொடங்கவில்லை என்றுகூடக் கேட்பார்கள்.

அடுத்த வரி தேவை ஆய்வு. பள்ளியில் பாடத்திட்டம் மேலிருந்து வந்துவிடும். நிறுவனத்தில் பயிற்சி தேவையா, யாருக்கு, எதில் என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. ஆசிரியர்கள் உண்மையிலேயே பின்தங்கும் இடம் இது. ஆனாலும் 9ஆம் வகுப்பு தொடங்கும்போது ஒரு சிறு தேர்வு வைத்து, பின்னத்தில் தடுமாறுபவர்களைத் தனியே பிரித்துப் பாடம் எடுத்திருந்தால் அது தேவை ஆய்வின் சிறு வடிவமே. "மெல்லக் கற்போருக்குச் சிறப்பு வகுப்பு" என்று எழுதுவதைவிட, எப்படிக் கண்டறிந்தார், என்ன மாற்றினார், மறுதேர்வில் என்ன ஆனது என்று எழுதினால் பயிற்சித் துறைக்காரருக்குப் புரியும்.

வினாத்தாள் வரைவையும் பாடக்குறிப்பையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம். வகுப்பைக் கட்டுக்குள் வைத்திருந்ததைச் சேர்க்கவே வேண்டாம், பெரியவர்களிடம் அது உதவாது.

நிறுவனத்தில் தெரிந்தவர் ஒருவர் மூலம் நேரடியாகப் போகும் விண்ணப்பமானால் காலவரிசை வடிவமே போதும், முதல் இரண்டு வரிகளை மட்டும் மாற்றினால் சரி. வேலைத் தளங்கள் வழியாகப் போவதானால் கலப்பு வடிவத்தை எடுங்கள். கட்டங்களும், பக்கத்தை இடம் வலமாக இரண்டாகப் பிரிக்கும் அமைப்பும் போடாமல், இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள்.