நாடா போச்சு, நிழல் போகலை: ஹீலிங் பிரஷ், க்ளோன் ஸ்டாம்ப் – ஆறு வருட அனுபவம்

"படம் நல்லா வந்திருக்கு, கழுத்துல தொங்குற பேட்ஜை மட்டும் எடுத்துடேன்" என்றார் நண்பர். அந்த "மட்டும்" இரண்டு மணி நேரத்தைத் தின்றது. வெளிர்நீலக் கோடு போட்ட சட்டை, சிவப்பு நாடா, மூன்றாவது பட்டனை மறைத்துக்கொண்டு பேட்ஜ்.

ஆறு வருடமாக ஃபோட்டோஷாப்பின் ஹீலிங் பிரஷ் மீது எனக்கு ஒரே கோபம்தான். எடுத்த இடத்திலிருந்து துணியின் இழையை மட்டும் கொண்டுவந்து, நிறத்தையும் வெளிச்சத்தையும் வைக்கும் இடத்தின் அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கலக்கிவிடும். வெறும் துணியில் அது வரம். காலர் நுனியிலோ பட்டன் பட்டி ஓரத்திலோ பக்கத்தில் இருப்பது அவர் சட்டைக்கு மேல் போட்டிருந்த கறுப்பு மேல்கோட்டு. அந்தக் கறுப்பு சட்டைக்குள் அழுக்காகக் கசியும். நியாயமாகச் சொன்னால் அது செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது.

ஓரங்களுக்கு, எடுத்ததை எதோடும் கலக்காமல் அப்படியே பதிக்கும் க்ளோன் ஸ்டாம்ப்தான். அதில் நான் தாமதமாகக் கண்டுபிடித்த சுகம், எடுக்கும் மூலத்தைச் சாய்க்க முடிவது. நாடாவுக்கு இடப்பக்கம் கோடுகள் நேராக இறங்க, வலப்பக்கம் தோள் வளைவால் சற்றுச் சாய்ந்திருந்தன. மூலத்தை நான்கு டிகிரி திருப்பியதும் கோடு கோட்டோடு சேர்ந்துகொண்டது. புதிய காலி லேயரில் செய்தால் தப்பானதை அழித்துக்கொள்ளலாம்.

பட்டனுக்கு, இரண்டாவது பட்டனை அதைச் சுற்றியுள்ள பட்டியோடு நகலெடுத்து, முதல் இரண்டுக்கும் உள்ள அதே இடைவெளியில் கீழே வைத்தேன். மறுபாதிச் சட்டையைத் திருப்பிப் போட்டு ஒப்பேற்ற நினைக்காதீர்கள். ஆண்கள் சட்டையில் போட்டிருப்பவரின் இடப்பக்கப் பட்டிதான் மேலே வரும். திருப்பினால் அது மாறிவிடும், வெளிச்சமும் எதிர்த்திசையிலிருந்து வரும்.

இவ்வளவும் முடிந்து சிறிதாக்கிப் பார்த்தால், கழுத்தில் நாடா இன்னும் இருப்பதுபோலவே தெரிந்தது. காரணம் அதன் ஓரமாக விழுந்த மெல்லிய நிழலும், பேட்ஜின் எடை இழுத்து காலருக்குக் கீழே விழுந்த பள்ளமும். நாடாவை மட்டும் ஒட்டித் தேர்ந்தெடுத்தால் இவை தங்கிவிடும். தேர்வை நிழல் முடியும் இடம்வரை அகட்டி, அந்தப் பகுதியை மறுபடி கட்டினேன். காலரின் உள்பக்கத்தில் சிவப்பு பிரதிபலித்து இளஞ்சிவப்பாக இருந்தது. அதற்கு மேலே ஒரு லேயரை நிறக் கலப்பில் வைத்து, காலரின் சுத்தமான இடத்து நிறத்தைப் பூசினேன். கடைசியாக, குறைகள் பளிச்சென்று தெரியட்டும் என்று கர்வ்ஸை செங்குத்தாக ஏற்றிப் பார்த்தபோது ஹீலிங் தொட்ட இடங்கள் மெழுகுபோல வழவழத்தன. கொஞ்சம் நாய்ஸ் சேர்த்த பிறகே அடங்கின.

க்ளோன் ஸ்டாம்பைத்தான் இவ்வளவு புகழ்ந்தேன். ஆனாலும் ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் ஹீலிங் பிரஷ்தான் என் கையில் இருக்கும். நண்பர் அடுத்து அனுப்பியிருக்கும் படத்தில் கோடில்லாத வெள்ளைச் சட்டை.